எமலோக அலுவலகக் கதை, மூன்றாம் அத்தியாயம் நகரவில்லை, உதவி தேவை

தோட்டத்துக்குயில் (சுங்கை சிப்புட்)
அவசரம், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். நகைச்சுவைக் கதை எழுதுகிறேன். செத்துப்போனவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், பாரம் நிரப்புகிறார்கள், கவுண்டரில் இருப்பவனுக்கு வேலையே பிடிக்கவில்லை. லட்சக்கணக்கான பேர் வரிசை, நூறு பாரம், கொட்டாவி விடும் குமாஸ்தா என்று எல்லாமே போட்டுவிட்டேன். படித்த யாரும் சிரிக்கவில்லை. தங்கை நான்காம் பக்கத்திலேயே மூடி வைத்துவிட்டாள். எங்கே தப்பு?

கெடா பையன்
கதாநாயகன் யார்? எப்படிச் செத்தான்? எமன் வருகிறாரா, இல்லை சும்மா பொதுவான மேலுலகமா?

கணக்கு டீச்சர்
எத்தனை கவுண்டர்? ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்? யார் யார் அந்த வரிசையில் வருகிறார்கள்? இதையெல்லாம் சொல்லாமல் எங்கே தப்பு என்று எப்படிச் சொல்வது?

கமலா அக்கா
தம்பி, இறப்புப் பதிவுக்குத்தானே கேட்கிறீர்கள்? எங்கள் அப்பா போனபோது நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஐசியில் ஒரு பெயர், சூராட் பெரானாக்கில் ஒரு எழுத்து வித்தியாசம். ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள். பெயரைத் திருத்த வேண்டுமென்றால் அவரே வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். அவர் இறந்ததைப் பதியத்தானே நான் வந்து நிற்கிறேன்! எல்லாத் தாளுக்கும் இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.

மூத்தவாசகன்
இங்கே பல வருடமாகப் பார்க்கிறேன், புதிதாக எழுத வருகிறவர்கள் எல்லாரும் இதே தவற்றைத்தான் செய்கிறார்கள். நகைச்சுவை எல்லாருக்கும் வராது. முதலில் புராணத்தை ஒழுங்காகப் படியுங்கள், சித்திரகுப்தர் யார், அக்கிரசந்தானி என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். அடித்தளம் இல்லாமல் மாடி கட்ட முடியாது. அப்புறம் ‘குமாஸ்தா’ என்று எழுதியிருக்கிறீர்கள், நல்ல தமிழில் ‘எழுத்தர்’ என்றுதான் எழுத வேண்டும்.

தோட்டத்துக்குயில்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஆள் பெயர் முனியாண்டி, 58 வயது, பால் வெட்டுகிறவர். பக்கத்து டிவிசனில் அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார், எமதூதர்கள் ஆள் மாற்றிக் கொண்டுவந்துவிட்டார்கள். மகள் கல்யாணத்துக்கு இவர் திரும்பிப் போக வேண்டும். எமன் உண்டு. உலகத்தில் சாகிற எல்லாரும் ஒரே கவுண்டருக்கு வருகிறார்கள்.

கணக்கு டீச்சர்
அங்கேதான் முதல் தப்பு. உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6 கோடிப் பேர் இறக்கிறார்கள், ஒரு நாளைக்கு ஒன்றரை லட்சத்துக்கும் மேல். ஆளுக்கு ஐந்தே நிமிடம் என்றாலும் ஒரு கவுண்டர் இரவு பகலாக ஓடினால் 288 பேரைத்தான் பார்க்கும். முனியாண்டியின் முறை வரவே வராது என்று வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. வராத முறைக்காக யார் காத்திருப்பார்கள்? தங்கை மூடி வைத்ததில் தப்பே இல்லை.

அளவைச் சுருக்குங்கள். மலேசியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் பேர் இறக்கிறார்கள், நாளுக்கு 550 என்று வைப்போம். மற்ற மதத்தாரை எமனிடம் நிறுத்த வேண்டாம், அவர்களுக்கு அவர்கள் வழி. இந்துக்கள் சுமார் 6 விழுக்காடு, ஆக நாளுக்கு 33 பேர். ஆளுக்குக் கால் மணி நேரம், ஒன்பது மணி நேர வேலை என்றால் ஒரு கவுண்டர் 36 பேரைப் பார்க்கும். 33 பேர் வருகிறார்கள், 36 பேரைப் பார்க்க முடிகிறது. பார்த்தால் சமாளித்துவிடலாம் போல இருக்கும், ஆனால் கவுண்டரில் இருப்பவர் ஒரு நாள் வரவில்லை என்றால் அன்று சேர்ந்த 33 பேரைக் கரைக்க, நாளுக்கு மூன்று பேர் வீதம், பதினொரு நாள் ஆகும். லட்சக்கணக்கான பேர் நிற்பதைவிட இந்த வரிசைதான் வயிற்றைக் கலக்கும்.

பெரட்டுக்களம்
நான் தைப்பிங் பக்கம் ஒரு தோட்டத்தில் 31 ஆண்டு கிராணியாக இருந்தவன். டீச்சர் சொல்வது சரி. இரண்டாவது தப்பு உங்கள் ஆள் கொட்டாவி விடுவது. வேலை பிடிக்காதவன் கொட்டாவி விடமாட்டான் தம்பி. அவனுக்கு எது பிடிக்கவில்லை என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

எனக்கு எது பிடிக்கவில்லை என்று சொல்கிறேன். காலையில் பெரட்டில் பெயர் கூப்பிட்டு செக்ரோலில் போடுவோம். மாதக் கடைசியில் செக்ரோல் கணக்கும் தண்டல் வைத்திருக்கும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும். யாரோ ஒருவருக்கு அரைநாள் இடித்தால் போதும், இரவு முழுக்க விளக்கு வைத்துக்கொண்டு தேட வேண்டும். மறுநாள் ஒரு ஆள் வந்து ‘ஐயா, என் பெயர் தப்பாக இருக்கிறது’ என்றால் எரிச்சல் வரும். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் சொல்வது உண்மையாக இருந்தால் நான் மூடிய பக்கத்தை மறுபடி திறக்க வேண்டுமே என்றுதான். அதனால் அவர் தப்பாகத்தான் சொல்கிறார் என்று நம்பப் பார்ப்பேன். இதைச் சொல்ல இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

உங்கள் எமலோகக் கிராணிக்கும் அதையே கொடுங்கள். ஒவ்வொரு பக்கமும் ஒத்துப்போய் மூடினால்தான் அவருக்கு மாற்றல் கிடைக்கும். முனியாண்டி என்று எழுதியிருக்கிறது, முனியாண்டி வந்து நிற்கிறார், பக்கம் மூடிவிட்டது. இவர் வேறு முனியாண்டி என்று ஒப்புக்கொண்டால் பக்கம் திறக்கும், அந்த இன்னொருவரையும் கொண்டுவர வேண்டும். ஆகவே அவர் மரியாதையாக, பொறுமையாக, முனியாண்டியிடமே ‘நீங்கள்தான் அவர்’ என்று எடுத்துச் சொல்வார். தங்கை அங்கே சிரிப்பாள்.

கமலா அம்மா சொன்னதையும் விட்டுவிடாதீர்கள், உங்களுக்கு நூறு பாரம் தேவையில்லை, அந்த ஒன்று போதும். பெயர் திருத்தப் பாரத்தில் உயிரோடு இருப்பவர்தான் கைநாட்டு வைக்கலாம். உயிரோடு போக வேண்டுமென்றால் பெயர் திருத்தியிருக்க வேண்டும். இரண்டு விதிக்கும் தனித்தனியாக நியாயமான காரணம் இருக்கட்டும். செத்தவர்கள் பாவக் கணக்கிலிருந்து தப்பப் பெயர் மாற்றிக்கொண்டார்கள், அதனால் வந்தது முதல் விதி. தப்பான ஆளுக்கு உயிரைக் கொடுத்து ஒருமுறை மாட்டிக்கொண்டார்கள், அதனால் வந்தது இரண்டாவது.

மூத்தவாசகன்
‘கிராணி’ என்பது தமிழே இல்லை. அச்சில் வரும் கதையில் அதைப் போடக்கூடாது.

பெரட்டுக்களம்
எங்கள் லயத்தில் அப்பா காலத்திலிருந்து கிராணிதான். ‘எழுத்தர் ஐயா’ என்று யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

கெடா பையன்
எங்கள் பக்கமும் கிராணிதான். இந்தத் தோட்டத்துக் கதையில் வேறு எதைப் போடுவார்கள்?

மூத்தவாசகன்
வழக்கில் இருப்பதெல்லாம் சரியாகிவிடாது. நாளைக்கு ‘சாப்பு குத்தினான்’ என்றும் எழுதுவீர்கள்.

கமலா அக்கா
சாப்பு குத்தினான் என்றுதானே சொல்வோம்? முத்திரை என்றால் என் பேத்திக்குப் புரியாது.

கணக்கு டீச்சர்
சொல்லைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், பையன் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிக்க வேண்டும். பூட்டுப் போட்டாகிவிட்டது, முனியாண்டி எப்படி வெளியே வருவார்?

கெடா பையன்
நசிகேதன் மாதிரி வரம் கேட்கட்டும். அவன் புத்திசாலித்தனத்தை மெச்சி எமன் மூன்று வரம் கொடுத்தாரே, இவரும் கெட்டிக்காரத்தனமாக ஏதாவது பேசி வாங்கட்டும்.

பெரட்டுக்களம்
பாதி சரி தம்பி. மூன்று வரமும் புத்திசாலித்தனத்துக்குக் கிடைத்தது இல்லை. கடோபநிடதத்தில் நசிகேதன் போனபோது எமன் வீட்டில் இல்லை. வாசலில் மூன்று இரவு சாப்பிடாமல் கிடந்தான். விருந்தாளியைப் பட்டினி போட்டது பெரிய குற்றம், எமன் திரும்பி வந்து இரவுக்கு ஒன்றாக மூன்று வரம் கொடுத்தார். அலுவலகக் கண்ணால் பாருங்கள், அது காத்திருக்க வைத்ததற்குக் கொடுத்த நட்டஈடு.

அப்படி ஒன்று நடந்த பிறகு எந்த அலுவலகமும் சும்மா இருக்காது, ஒரு சுற்றறிக்கை வரும். வரிசையில் நிற்கும் யாரும் மூன்றாம் இரவுக்குள் பட்டினியாக இருக்கக்கூடாது. அதனால் கிராணிகளே தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை நெடுகத் தே தாரிக்கும் பிஸ்கட்டும் கொடுத்து, வாங்கியவரிடம் கைநாட்டு வாங்க வேண்டும். பேனா பிடிக்க வந்தவன் தட்டு தூக்குகிறான். வேலை ஏன் பிடிக்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்துவிட்டது.

கணக்கு டீச்சர்
அப்படியென்றால் முனியாண்டி விரதத்தில் இருக்கட்டும்! கந்தசஷ்டி விரதம். தீபாவளிக்கு முன்தினத்திலிருந்து கிராணிக்கு நான்கு நாள் விடுப்பு, அதற்குள் 132 பேர் சேர்ந்துவிடுவார்கள். அவர் வேலைக்குத் திரும்பும் காலையில் முனியாண்டி வந்து கடைசியில் நிற்கிறார். முதல் நாள் 36, இரண்டாம் நாளோடு 72, மூன்றாம் நாளோடு 108. நான்காம் நாள் 24 பேர் போன பிறகு இவர் முறை. சரியாக மூன்று இரவு. தீபாவளியும் அமாவாசையும் ஒரே நாளில் வரும் ஆண்டாக வைத்தால், அவர் கவுண்டரில் நிற்பது சூரசம்ஹார நாள்.

வரிசை அப்போது கதையை ஓட்டும். ஒவ்வொரு இரவும் தட்டோடு வரும் கிராணிக்குப் பயம் கூடும். முதல் இரவு ‘தே குடியுங்கள்’ என்பார், இரண்டாம் இரவு சீனி குறைத்துக் கொண்டுவருவார், மூன்றாம் இரவு பழம் வாங்கி வந்து விரதத்தில் பழம் சாப்பிடலாம் என்று வாதாடுவார்.

பெரட்டுக்களம்
மூன்றாம் இரவு அருமை. ஆனால் முனியாண்டிக்கு இந்த விதியே தெரியக்கூடாது. தெரிந்து பட்டினி கிடந்தால் தந்திரம் ஆகிவிடும், விரதமும் கெட்டுப்போகும். அவர் முருகனுக்காகத்தான் சாப்பிடாமல் இருக்கிறார்.

மூத்தவாசகன்
விரதத்தில் தண்ணீர் குடிப்பாரா? அந்த உபநிடதத்திலேயே விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற இடம் இருக்கிறது. தண்ணீர் கொடுத்தாலே உபசரித்ததாகக் கணக்கு வைத்துவிட்டால் உங்கள் கட்டடம் முழுக்க விழுந்துவிடும். இதற்குத்தான் படிக்கச் சொன்னேன்.

கணக்கு டீச்சர்
இது நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். காட்டுக்குக் கொண்டுபோன தன் சொந்தப் போத்தல் தண்ணீரைக் குடித்தால்?

கெடா பையன்
செத்த பிறகு போத்தல் எப்படி வரும்?

பெரட்டுக்களம்
பால் வெட்டுக் கத்தியும் போத்தலும் இடுப்பில் இருந்தபடியே கொண்டுவந்துவிட்டார்கள் என்று வைக்கலாம். ஆனால் வந்தவுடன் எல்லாவற்றையும் ஸ்டோரில் ஒப்படைக்கச் சொல்வார்களே. எனக்கும் இதில் முடிவு தெரியவில்லை.

தோட்டத்துக்குயில்
எல்லாருக்கும் நன்றி. பழைய அத்தியாயத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு நேற்று இரவு முழுக்க எழுதினேன். 132 பேர், ஒரு பாரம், ஒரு கிராணி. ‘நீங்கள்தான் அவர்’ என்ற இடத்திலும் பழத்தட்டு இடத்திலும் தங்கை சிரித்தாள். முதல் வரம் மகள் கல்யாணம், இரண்டாவது வரத்தில் கிராணிக்கு மாற்றல் கேட்கிறார். மூன்றாவது இன்னும் தெரியவில்லை. கிராணி என்றே போட்டிருக்கிறேன். பெரட்டுக்கு நேரமாகிவிட்டது, போகிறேன்.

கணக்கு டீச்சர்
தண்ணீர் விஷயத்தை என்ன செய்தீர்கள்?

கமலா அக்கா
தம்பி, நகல் இரண்டு எடுத்துவிட்டீர்களா?