மஸ்டர் ரோலும் திடீர் சோதனையும்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

ஏரிக்கரை
நூறு நாள் வேலையின் சமூகத் தணிக்கைக்குப் போனவர்களுக்கு இதெல்லாம் பழக்கம்தான். ஆனாலும் ஒரு சம்பவம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. வரத்து வாய்க்கால் தூர்வாரும் வேலை. காலை பதினோரு மணிக்குப் போய் இறங்கியதும் பொறுப்பாளர் வருகை குறிக்கும் மஸ்டர் ரோலை, அதாவது என்எம்ஆரை நீட்டினார். நான் வாங்கவில்லை. முதலில் தலை எண்ணினேன், 36 பேர். அதையும் மணியையும் தாளில் எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கிய பிறகுதான் என்எம்ஆரைத் திறந்தேன். உள்ளே 43 பேருக்கு வருகை. பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் மரத்தடியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். மீதி மூவரில் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனோம். ஒரு வாரமாகப் பிரசவத்துக்காக அம்மா வீட்டில் இருப்பதாக மாமியார் சொன்னார். வேலை அட்டையில் அந்த வாரம் முழுக்கக் காலி. என்எம்ஆரில் ஆறு நாளும் கையெழுத்து, ஒரே மையில், ஒரே சாய்வில். அந்த ஆறு கையெழுத்தும் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பணித்தளம்_அக்கா
ஏரிக்கரை சார், நான் பொறுப்பாளராக இருந்தவள். நீங்கள் எண்ணுகிற நேரத்தில் ஒருத்தி பிள்ளைக்குப் பால் கொடுக்கப் போயிருப்பாள், இன்னொருத்தி ஒதுங்கப் போயிருப்பாள். தளத்தில் கழிப்பறையா இருக்கிறது? அந்த நான்கு பேர் மரத்தடியில் இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இப்படி வந்த ஒருவர் கூப்பிட்டுப் பார்க்காமலே எங்கள் தளத்தில் ஐந்து பேருக்கு ஆப்சென்ட் போட்டுவிட்டுப் போனார். அதில் ஒரு பாட்டி அழுததைப் பார்த்திருந்தால் இப்படி எழுத மாட்டீர்கள். அன்றைய கூலி அவருக்குக் கடைசிவரை வரவே இல்லை.

ஏரிக்கரை
அக்கா, அதனால்தான் பெயர் கூப்பிட்டு, வீடு வரை போனோம். வெறும் எண்ணிக்கையை வைத்து யார் பெயரையும் அடிக்கக் கூடாது, அதில் நான் உங்கள் பக்கம்தான். ஆனால் என்எம்ஆரைப் பார்த்துவிட்டு எண்ணினால் கண் தானாகவே 43-ஐத் தேடும். அதனால் எண்ணிக்கைதான் முதலில்.

செல்வம்
இதெல்லாம் பழைய கதை. இப்போது வருகை பதியும் என்எம்எம்எஸ் செயலியில் காலை, மதியம் என இரண்டு போட்டோ ஏற்றுகிறார்கள், இடமும் நேரமும் சேர்ந்தே பதிவாகிவிடும். ஏமாற்ற வழியே இல்லை.

ஏரிக்கரை
போட்டோவையே போட்டோ எடுத்து ஏற்றியது, சம்பந்தமில்லாத படம் போட்டது, படத்தில் இருக்கும் ஆண் பெண் கணக்கும் மஸ்டரும் ஒத்துப்போகாதது எல்லாம் நடப்பதாக 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. படத்தை யாராவது உட்கார்ந்து மஸ்டரோடு பொருத்திப் பார்த்தால்தான் அதற்குப் பயன்.

டீச்சர்
இங்கே சொல்லலாமா தெரியவில்லை, எங்களுடையது பள்ளிக்கூடம். வகுப்பு வருகைப் பதிவேடு எங்களிடம், சாப்பிட்ட பிள்ளைகளின் கணக்கு சத்துணவு அமைப்பாளரிடம். இரண்டும் தனித்தனியாக எழுதிய வரைக்கும் தினமும் இரண்டு மூன்று வித்தியாசம் வரும். வீட்டுச் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகள், பாதியில் காய்ச்சலோடு போனவர்கள் என்று விசாரித்தால் காரணம் கிடைத்துவிடும். ஒருமுறை மேலிருந்து கேள்வி வந்ததும், இனி இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. மறுநாள் மணி அடித்ததும் அமைப்பாளர் என் மேசைக்கு வந்து, என் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு போனார். அன்றிலிருந்து வித்தியாசமே இல்லை. எனக்கு அந்தப் பதிவேட்டின் மேல் இருந்த நம்பிக்கையும் அன்றோடு போய்விட்டது.

கணக்கர்_ஈரோடு
டீச்சர் சொன்னதுதான் முக்கியமான இடம். நான் ஒரு மில்லில் ஒப்பந்தத் தொழிலாளர் சம்பளம் போடுகிறேன். ஒரே வருகைத் தாளை இரண்டு பேர் தனித்தனியாக, ஒருவர் பதிந்ததை மற்றவர் பார்க்காமல் ஏற்றுவார்கள். பிறகு மூன்றாவது ஷீட்டில் இதைப் போட்டு இழுத்துவிடுவேன்:

```
=IF(Sheet1!C5=Sheet2!C5,"","X")
```

X விழுந்த இடத்துக்கு மட்டும் மூலத் தாளை எடுத்துப் பார்த்தால் போதும். பெரும்பாலும் ஒரு வரி தள்ளி ஏற்றியதாகவோ 26-ஐ 29 என்று படித்ததாகவோ இருக்கும். எது சரி என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்ய விடாதீர்கள், தாளைப் பார்த்தே திருத்துங்கள். ஆனால் தாளே பொய்யாக இருந்தால் இரண்டு பேரும் அதே பொய்யைத்தான் ஏற்றுவார்கள், ஒரு X கூட விழாது. அதனால் நாங்கள் வாசல் வாட்ச்மேன் நோட்டை இரண்டாவது மூலமாக வைத்திருக்கிறோம். அவர் சம்பளப் பிரிவுக்குக் கீழ் வருவதில்லை. சோதனைக்குப் போகும் நாளையும் ஷிப்டையும் சீட்டுக் குலுக்கி எடுங்கள். எங்கள் சூப்பர்வைசர் எப்போதும் செவ்வாய்க்கிழமை போவார், செவ்வாய்க்கிழமை மட்டும் எல்லாம் சரியாக இருக்கும். அப்புறம், காலிக் கட்டத்தை அப்படியே விடாதீர்கள். வராதவருக்குக் காலையிலேயே குறி போட்டால்தான் சாயங்காலம் யாரும் நிரப்ப முடியாது.

பணித்தளம்_அக்கா
இதெல்லாம் மில்லுக்குச் சரி. எங்கள் தளத்தில் வாட்ச்மேன் யார்? காலையில் வந்து, மதியத்துக்கு மேல் மயக்கம் வந்து வீட்டுக்குப் போன வயதானவருக்கு என்ன குறி போடுவது? மதியப் போட்டோவில் அவர் இருக்க மாட்டார், ஆனால் பாதி நாள் மண் சுமந்திருப்பார். இதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஏரிக்கரை
எங்கள் குழுவில் அதை வந்த நேரம், போன நேரம், காரணம் மூன்றும் போட்டு, பக்கத்தில் வேலை செய்த இரண்டு பேரின் கையெழுத்தோடு எழுதி வைத்தோம். கூலி கொடுத்தார்களா என்று கேட்டால், ஒரு ஊராட்சியில் கொடுத்தார்கள், அடுத்த ஊராட்சியில் மறுத்துவிட்டார்கள்.