செக்கு எண்ணெய் கடைக்குக் கொட்டேஷன்: ஒரு சந்தேகம்

வணக்கம் நண்பர்களே. ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் "பிராண்டிங் மொத்தமாகப் பண்ணிக் கொடுங்க, ஒரே ரேட்டாச் சொல்லுங்க தம்பி" என்கிறார். லோகோ, கடை போர்டு, விசிட்டிங் கார்டு, நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றுக்கும் லேபிள். நான் போட்ட தொகை 38,000 ரூபாய்.

சிக்கல் லேபிளில்தான். ஒவ்வொரு எண்ணெயும் அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர். அவர் கணக்கில் மூன்று லேபிள், என் கணக்கில் ஒன்பது. பாட்டில் அளவு மாறினால் லேபிளின் நீள அகலமும் மாறும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண், நிகர அளவு, எம்.ஆர்.பி. எல்லாம் சின்ன லேபிளிலும் படிக்கும்படி இருக்க வேண்டும். அதனால் கடிதத்தில் "3 மூல வடிவமைப்பு, 6 அளவு மாற்றம்" என்று பிரித்து, தனித்தனி விலை எழுதியிருக்கிறேன். அச்சுச் செலவு இதில் சேராது, அச்சகத்துக்கு அவரே நேராகக் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு வரி. முன்பு ஒருவருக்கு அதை எழுதாமல் விட்டு, போர்டு செலவு என் தலையில் விழுந்தது!

லோகோவுக்கு 3 மாதிரி, 2 சுற்றுத் திருத்தம், 50 சதவீதம் முன்பணம். மீதி வந்த பிறகே மூலக் கோப்புகள்.

என் கேள்வி இதுதான்: இவ்வளவு பிரித்து எழுதினால் சின்னக் கடைக்காரர் மிரண்டுவிடுவாரா? முதல் பக்கத்தில் மொத்தத் தொகையை மட்டும் போட்டு, விவரத்தை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளலாமா? அப்புறம், மூன்றாவது சுற்றுத் திருத்தத்துக்கு நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்? வெள்ளிக்கிழமை கடிதத்தைக் கொடுக்க வேண்டும்.