142 அடியா, 136 அடியா? ஆதார வாக்கியம் தேடியவர்களின் அனுபவங்கள்

குமுளி எல்லை

மழை கொஞ்சம் வலுத்தாலே எங்க பக்கத்துல முல்லைப் பெரியாறு பற்றிய ஃபார்வர்டு செய்திகள் கிளம்பிடும். கம்பத்துல ஒரு மாதிரி, இந்தப் பக்கம் இடுக்கியில வேற மாதிரி. நாங்க சில பேர் சேர்ந்து அதைச் சரிபார்க்கிற வேலை செய்றோம். ஒரு கூற்றைக் கொடுத்தா, தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூணுலயும் உள்ள செய்திகள், தீர்ப்புகள்ல இருந்து அஞ்சு வாக்கியத்தை ஒரு நிரல் எடுத்து, தன் கணிப்பையும் குறிச்சுக் கொடுக்கும். அதை ஒரு ஆள் உட்கார்ந்து படிச்சு, ஆதரிக்குது, மறுக்குது, போதாது என்று குறிக்கணும்.

எங்களை ரொம்ப யோசிக்க வைத்த கூற்று இது: "முல்லைப் பெரியாறு அணையில் 142 அடி வரை நீர் தேக்க உச்ச நீதிமன்றம் 2006-இல் அனுமதி அளித்தது."

பார்த்தா சாதாரணக் கூற்று. ஆனா வந்த வாக்கியங்களைப் பாருங்க. முதல்ல வந்தது, நீர்மட்டத்தை 142 அடியாக உயர்த்த அனுமதி வேண்டும் என்று தமிழகம் கேட்டது என்கிற வாக்கியம். கூற்றில் உள்ள சொல் எல்லாம் இதிலும் இருக்கு, அதனால மேல வந்துடுச்சு. ஆனா கேட்டதுக்கு ஆதாரம் இருந்தா கொடுத்ததுக்கு ஆதாரம் ஆயிடுமா? அடுத்தது, 2014-இல் நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி அளித்தது என்கிறது. மூணாவது, கேரளச் சட்டப்படி உச்ச அளவு 136 அடி என்கிறது. இரண்டையும் நிரல் 'மறுக்குது' என்று குறிச்சிருந்தது. நாலாவது, "அதை 142 அடி வரை உயர்த்தலாம் என்று நீதிமன்றம் கூறியது." எதை? எப்போ? ஒண்ணும் இல்லை. அஞ்சாவது இடத்துலதான் வேண்டியது இருந்தது: 2006 பிப்ரவரி 27 தீர்ப்பைச் சொல்லும் வாக்கியம்.

வரிசையா அடுக்கிப் பார்த்தா ஒண்ணோடொண்ணு மோதவே இல்லை. 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதிச்சது. அடுத்த மாசமே கேரள சட்டமன்றம் திருத்தச் சட்டம் போட்டு 136 அடிக்கு மேல கூடாது என்றது. அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7-ஆம் தேதி அரசியல் சாசன அமர்வு சொல்லி, 142 அடிக்கு வழிவிட்டது. ஆக கூற்று சரிதான், 'ஆதரிக்குது'ன்னு போட்டோம்.

ஆனா கூற்றைக் கொஞ்சம் மாத்தி, "2006 முதல் 142 அடி தேக்கப்படுகிறது" என்று எழுதினா தப்பு. 1979-க்குப் பிறகு தண்ணி 142 அடியைத் தொட்டதே 2014 நவம்பர்லதான். எல்லாம் அதே வாக்கியங்கள், எங்க முடிவு மட்டும் தலைகீழ்.

உங்க அனுபவமும் எழுதுங்க. முரண்படுற ஆதாரம் கையில வந்தா என்ன பண்றீங்க?

பாறசாலை சார்

நல்ல விஷயம் தொடங்கியிருக்கீங்க. நான் நீதிமன்றத்துல எழுத்தர் வேலை பார்த்தவன். எங்க முறை ரொம்ப நேர். பழசும் புதுசும் மோதினா புதுசை எடு. பத்திரிகையும் தீர்ப்பும் மோதினா தீர்ப்பை எடு. 2014 தீர்ப்பு இருக்கும்போது 2006 சட்டத்தை எதுக்குப் பார்க்கணும்?

பாலக்காடு ஆய்வாளர்

சார் சொன்னதுல பாதியை அப்படியே எடுத்துக்கிறேன். இன்னைக்கு எது செல்லும் என்ற கேள்விக்குத் தீர்ப்புக்குத்தான் முதலிடம். ஆனா கூற்று 2006-ஐப் பற்றிக் கேட்குது, அப்போ 2006-ஐத்தான் பார்க்கணும். அதுவுமில்லாம, 'புதுசு' என்றால் எது? கட்டுரை வெளியான தேதியா, அது சொல்லும் சம்பவத்தின் தேதியா? இந்த வருஷம் எழுதின கட்டுரையிலும் பழைய தகவல் அப்படியே வரும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல, அந்த மாசக் கடைசி வரை 139.99 அடியைத் தாண்டாம வைங்கன்னு உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. புதுசை எடுன்னா, 142-ஐ ரத்து பண்ணி 139.99 ஆக்கிட்டாங்க என்று முடிவாயிடும். அது சில நாளுக்கான உத்தரவு மட்டும்தான்.

குமுளி அண்ணே, உங்க நாலாவது வாக்கியத்துக்கு ஒரு வழி சொல்றேன். வாக்கியத்தைத் தனியா வெட்டி வைக்காதீங்க. கட்டுரைத் தலைப்பு, உள்தலைப்பு, அந்தப் பத்தியில் வரும் ஆண்டு, மூணையும் வாக்கியத்துக்கு முன்னால ஒட்டி வைங்க. நாங்க வைக்கிறது இப்படி:

```
முல்லைப் பெரியாறு அணை | நீர்மட்ட வழக்கு | 2014 | அதை 142 அடி வரை உயர்த்தலாம் என்று நீதிமன்றம் கூறியது.
```

இப்போ தேடும்போதும் சரியா வரும், படிக்கிறவருக்கும் 'அதை' எதைச் சொல்லுதுன்னு தெரியும்.

ரெண்டாவது, எண்கள். வெக்டர் தேடல் கருத்தை நல்லாப் பிடிக்கும், ஆனா 136-ம் 142-ம் அதுக்குக் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பிஎம்25 மாதிரி சொல்லைச் சொல்லாப் பொருத்துற தேடல் எண்ணை விடாது, ஆனா பெரியாறு என்று தேடினா 'பெரியாற்றில்' இருக்கிற வாக்கியத்தை விட்டுடும், விகுதியைப் பிரிச்சுக் கொடுத்தாலொழிய. ரெண்டையும் ஓட்டிச் சேர்த்து எடுங்க. எண், அலகு, ஆண்டு மூணையும் தனியாப் பிரிச்சு ஒப்பிடுங்க. அடியும் மீட்டரும் கலந்து வரும், அதை ஒரே அலகுக்கு மாத்திக்கங்க.

இன்னொண்ணு, பலர் விடுறது. கூற்றை மட்டும் கொடுத்துத் தேடினா கூற்று மாதிரியான வாக்கியம்தான் வரும். 2006-ல அனுமதி கொடுத்தாங்கன்னு தேடினா, அதைச் சொல்றவங்களோட வாக்கியமே குவியும். எதிர்ப்பக்கம் இருந்தும் ஒரு கேள்வி கட்டாயம் போடுங்க: 136 அடி, திருத்தச் சட்டம், தடை. அப்புறம்தான் உங்க கையில இருப்பது முழுக் கதையா, பாதிக் கதையான்னு தெரியும்.

நகரிக்காரன்

எல்லாரும் அணையைப் பற்றிப் பேசுறீங்க, நான் எங்க ஊர்க் கதையைச் சொல்லிடறேன். எங்க பக்கத்துல திருத்தணி எப்போ தமிழ்நாட்டுக்கு வந்ததுன்னு அடிக்கடி வாக்குவாதம் வரும். ஒருத்தர் 1956 என்பார், இன்னொருத்தர் 1959, வேறொருத்தர் 1960. மூணுக்கும் ஆதாரம் காட்டுவாங்க.

உட்கார்ந்து பார்த்தா, 1953-ல ஆந்திர மாநிலம் உருவானப்போ சித்தூர் மாவட்டத்தோட திருத்தணி அந்தப் பக்கம் போச்சு. எல்லைகளை மாத்துற சட்டம் 1959-ல நிறைவேறினது. அது நடைமுறைக்கு வந்தது 1960 ஏப்ரல் 1. 1956 மொழிவாரி மாநிலச் சீரமைப்பு ஆண்டு, எல்லார் மனசுலயும் பதிஞ்சுபோன ஆண்டு, அதனால இதுக்கும் ஒட்டிடறாங்க. 1959-ம் 1960-ம் ரெண்டும் சரி, 1956 மட்டும் தப்பு. நான் என்ன கேட்கறேன்னா, இதுல 'ஆதரிக்குது' போடணுமா 'மறுக்குது' போடணுமா? கூற்று வெறும் "1959-ல திருத்தணி தமிழ்நாட்டோட சேர்ந்தது"ன்னு இருந்தா?

பாலக்காடு ஆய்வாளர்

கூற்றை ரெண்டாப் பிரிச்சிடுவேன் அண்ணா: சட்டம் எப்போ, சேர்ந்தது எப்போ. "சேர்ந்தது" என்ற சொல்லை வைச்சுப் பார்த்தா 1960 தான், அதனால மறுக்குது. ஆனா எங்க குழுவிலேயே ஒருத்தர் அதுக்கு 'ஆதரிக்குது' போடுவார். நாங்க அதைச் சண்டையா வளர்க்காம ரெண்டு வாக்கியத்தையும் சேர்த்தே காட்டுறோம்.

வண்டிப்பெரியாறு அக்கா

தம்பிகளா, நீங்க பேசுற எண்ணெல்லாம் சரிதான். எங்க வீடு ஆத்தங்கரையில, அணைக்குக் கீழ. எனக்கு ஒரே கேள்வி. அணை பாதுகாப்பா, இல்லையா? அதுக்கு வாக்கியம் எடுத்துக் காட்டுங்க.

குமுளி எல்லை

அக்கா, இது எங்களுக்கும் கடினமான கேள்வி. 142-136 மாதிரி ஆண்டு வேற, சட்டம் வேற என்று பிரிச்சுவிட முடியாத முரண் இது. ஒரு பக்கம், உச்ச நீதிமன்றம் அமைத்த ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு 2012-இல் அணை பாதுகாப்பானது என்று அறிக்கை தந்தது, 2014 தீர்ப்பு அதை ஏற்றது. மறுபக்கம், கேரளம் காட்டும் ஐஐடி ஆய்வுகள்: டெல்லி ஐஐடி பெருவெள்ளத்தைத் தாங்காதென்றது, ரூர்க்கி ஐஐடி நிலநடுக்கம் பற்றி எச்சரிச்சது. நாங்க எடுக்கிற அஞ்சு வாக்கியத்தில் எந்தப் பக்கம் அதிகம் வந்துச்சோ அதுவே பதில் என்று வைச்சா, உங்களுக்கு நாங்க அநியாயம் பண்றோம்.

அதுலயும் ஒரு ஆபத்து பார்த்தோம். ஒரே வாக்கியம் பல தளங்கள்ல வந்தது. எண்ணினா பல ஆதாரம், படிச்சா எல்லாம் ஒரே அறிக்கையில இருந்து நகல். ஒரு இடத்துல இருந்த எழுத்துப்பிழை வரைக்கும் அப்படியே மத்ததுலயும் இருந்தது. அதனால இப்போ எத்தனை தளம்னு எண்ணறதில்லை, எத்தனை மூல ஆவணம்னு எண்ணறோம்.

பாலக்காடு ஆய்வாளர்

ஃபீவர் என்று 2018-ல வந்த தரவுத்தொகுப்புல மூணே விடைதான்: ஆதரிக்குது, மறுக்குது, போதுமான தகவல் இல்லை. விக்கிபீடியாவை மட்டும் வைச்சுச் செஞ்சது. அப்புறம் வந்த ஆவெரிடெக், இணையத்துல இருந்து ஆதாரம் எடுத்து, நாலாவதா 'ஆதாரங்கள் முரண்படுகின்றன' என்ற விடையையும் சேர்த்தது. அக்காவோட கேள்வி அதுக்குள்ளதான் வரும். ஆனா வெறுமனே அதை ஒட்டிவிட்டுப் போனா போதாது. எந்த அறிக்கை, எந்த ஆண்டு, யார் கேட்டு எழுதினது, அணையின் எந்தக் குணத்தைப் பற்றியது என்பதை ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் போடணும். வெள்ளமா, நிலநடுக்கமா, கட்டுமானமா என்று பிரிச்சா ஒரே கேள்வி மூணாகும்.

பாறசாலை சார்

அப்போ அணையின் உயரம் 155 அடி, 176 அடின்னு ரெண்டு எழுதியிருக்காங்களே, அதுவும் முரண்தானே? அதில் யார் பக்கம்?

குமுளி எல்லை

யார் பக்கமும் இல்லை சார். 155 அடி ஆற்றுப்படுகையில இருந்து, 176 அடி அடித்தளத்தின் ஆழமான இடத்துல இருந்து. ரெண்டும் ஒரே அணைதான். அளக்கத் தொடங்கும் இடத்தை எழுதாத வாக்கியத்தை நாங்க ஆதாரமா எடுக்கறதில்லை. அதைத் தள்ளிவிட்டு அடுத்த வாக்கியத்தைப் பார்ப்போம்.

வண்டிப்பெரியாறு அக்கா

சரி தம்பி. மூணாப் பிரிச்சுச் சொல்றேன்னு சொன்னீங்க, பிரிச்சுத்தான் காட்டுங்க. மலையாளப் பேப்பர்ல வர்றதையும் சேர்த்து வைங்க, எங்க பிள்ளைங்க அதைத்தான் படிக்கறாங்க.

குமுளி எல்லை

வைக்கிறோம் அக்கா. 2014 தீர்ப்புல இந்தப் பாதுகாப்பு விஷயத்தைப் பேசும் பத்திகளைத் தனியா எடுத்து வைச்சிருக்கேன். ரூர்க்கி ஆய்வின் முழு அறிக்கை யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க, இப்போ எங்ககிட்ட அதைப் பற்றிய செய்திகள் மட்டும்தான் இருக்கு. செய்திகளை வைச்சு நிலநடுக்கப் பகுதியை நிரப்ப எனக்கு விருப்பமில்லை.