பென்சில்பெனிசிலின் வயல்: பவுடர் பிடிக்கும் இடத்தைக் கணக்கில் எடுப்பது எப்படி?

வணக்கம். குழந்தைகள் வார்டில் பென்சில்பெனிசிலின் 600 மி.கி (10 லட்சம் யூனிட்) வயல் கலக்குவது பற்றி ஒரு உதவி வேண்டும்.

600 மி.கி பவுடர் கரைந்த பிறகும் சுமார் 0.4 மி.லி இடம் பிடிக்கும். அதனால் 1.6 மி.லி ஊசித் தண்ணீர் விட்டால்தான் மொத்தம் 2 மி.லி வரும், 1 மி.லி-யில் 300 மி.கி இருக்கும். நேராக 2 மி.லி விட்டால் மொத்தம் 2.4 மி.லி ஆகி, 1 மி.லி-க்கு 250 மி.கி-தான். 150 மி.கி தேவைப்படும் குழந்தைக்கு வழக்கம்போல் 0.5 மி.லி எடுத்தால் 125 மி.கி-தான் போகும், ஆறில் ஒரு பங்கு குறைவு. முழு வயலையும் கொடுக்கும்போது இது தெரியவே தெரியாது. பாதி, கால் எடுக்கும்போதுதான் சிக்கல்.

பவுடர் பிடிக்கும் இடத்தின் அளவு பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். இப்போது வந்திருக்கும் வயலின் தாளில் அது இல்லை. கரைசலை முழுக்க சிரிஞ்சில் இழுத்து அளக்கலாம் என்றால், வயலின் சுவரிலும் ரப்பர் மூடியிலும் ஒட்டுவது கணக்கைக் கெடுக்கிறது.

கம்பெனியிடம் எழுத்தில் இந்த அளவு வாங்கியவர்கள் உண்டா? உங்கள் வார்டில் லேபிளில் விட்ட தண்ணீரை எழுதுகிறீர்களா, 1 மி.லி-க்கு எத்தனை மி.கி என்றா? பிராண்டும் சேர்த்துச் சொல்லுங்கள்.