நெகட்டிவ் கன்ட்ரோலிலேயே பழுப்பு நிறம்: உங்களுக்கு எந்தப் படியில் வந்தது?

நீலக்கரு
இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரியில் நெகட்டிவ் கன்ட்ரோல் ஸ்லைடே பழுப்பாக வந்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள். என்னுடையதை முதலில் சொல்கிறேன், இன்னும் முடியாத கதை.

சிறுநீரகக் கட்டி ஒன்று. சாதாரண ஹெமடாக்சிலின்-இயோசின் ஸ்லைடில் செல்கள் எல்லாம் பெரிதாக, சைட்டோபிளாசம் நல்ல இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியாக இருந்தன. ஆங்கோசைட்டோமாவா, குரோமோஃபோப் புற்றா என்று பிரித்துப் பார்க்க சிகே7, சிடி117 இரண்டும் கேட்டிருந்தார்கள், கூடவே சிடி10. மூன்றும் ஒரே மாதிரி வந்துவிட்டன! சிடி117 செல் சவ்வில் வர வேண்டியது, அதுவும் சைட்டோபிளாசம் முழுக்கப் பொடிப்பொடியான பழுப்பு. பிரைமரிக்குப் பதில் அதே அடர்த்தியில் வெறும் எலி ஐஜிஜி போட்ட நெகட்டிவ் ஸ்லைடிலும் அதே பழுப்பு, கொஞ்சம் வெளிறி.

செய்த முறை: 4 மைக்ரான் செக்‌ஷன், சார்ஜ்டு ஸ்லைடு, 60 டிகிரியில் ஒரு மணி நேரம். பாரஃபின் நீக்கித் தண்ணீருக்குக் கொண்டுவந்து, பிஎச் 9 டிரிஸ்-ஈடிடிஏவில் 97 டிகிரியில் 20 நிமிடம், அப்படியே 20 நிமிடம் ஆறவிட்டு, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம், புரோட்டீன் பிளாக், பிரைமரி 45 நிமிடம், பயோட்டின் ஏற்றிய செகண்டரி, ஸ்ட்ரெப்டாவிடின்-எச்ஆர்பி, டிஏபி 5 நிமிடம், ஹெமடாக்சிலின். வழக்கமாக பாலிமர் கிட்தான், அது தீர்ந்து போனதால் இந்த முறை பயோட்டின் கிட். பாசிட்டிவ் கன்ட்ரோல் எல்லாம் சரியாகவே வந்திருக்கிறது.

வேகமான கை
பெராக்சைடு செத்துப் போயிருக்கும். திறந்து வைத்த பாட்டில் என்றால் வீரியம் போய்விடும், எங்களுக்கு இது அடிக்கடி நடக்கும். புது பாட்டில் திறந்து 20 நிமிடம் வையுங்கள். பிரைமரியை இரண்டு மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள், பின்னணி தானாகக் குறையும்.

பழைய மைக்ரோடோம்
பெராக்சைடு பற்றிச் சொன்னது நியாயமான சந்தேகம்தான், ஆனால் அதை ஊகிக்க வேண்டியதில்லை, ஸ்லைடே சொல்லிவிடும். ரத்தக் குழாய்க்குள் இருக்கும் சிவப்பணுக்களைப் பாருங்கள். பெராக்சைடு வேலை செய்யாமல் போனால் முதலில் பழுப்பாவது அவைதான், கூடவே நியூட்ரோஃபில்கள். அவை வெளுப்பாக இருந்து கட்டி மட்டும் பழுப்பாக இருந்தால் அந்தப் பாட்டில் மீது பழி போடாதீர்கள்.

பிரைமரியை நீர்க்கச் செய்வது இங்கே எதற்கும் உதவாது. நெகட்டிவ் ஸ்லைடில் பிரைமரியே இல்லையே, இல்லாததை எப்படிக் குறைப்பது?

நீலக்கரு, ஒன்று கேட்கிறேன். சிகே7-க்கு கன்ட்ரோல் திசு என்ன வைத்தீர்கள்?

நீலக்கரு
சிவப்பணு சுத்தமாக இருக்கிறது சார், இப்போதுதான் மறுபடி பார்த்தேன். சிகே7 கன்ட்ரோல் கல்லீரல். பித்தநாளச் செல்கள் அடர்த்தியாக வந்திருக்கின்றன.

பழைய மைக்ரோடோம்
பித்தநாளத்தை விடுங்கள், அதற்குப் பக்கத்தில் இருக்கும் கல்லீரல் செல்களைப் பாருங்கள். அவை சிகே7-க்கு வெறுமையாக இருக்க வேண்டியவை. கன்ட்ரோல் ஸ்லைடை எடுத்தவுடன் வர வேண்டியது வந்ததா என்று பார்த்துவிட்டு டிக் போட்டு வைக்கும் பழக்கம் எல்லா லேபிலும் உண்டு. வரக்கூடாதது வராமல் இருக்கிறதா என்பதையும் அதே ஸ்லைடில்தான் பார்க்க வேண்டும்.

நீலக்கரு
கல்லீரல் செல்களிலும் பழுப்பு. மெலிதாக, பொடிப்பொடியாக, கட்டியில் இருக்கும் அதே தோற்றம். அப்படியென்றால் கன்ட்ரோலும் தேறவில்லை என்றுதானே அர்த்தம்?

பழைய மைக்ரோடோம்
ஆமாம். அந்த பேட்ச் மொத்தத்தையும் ரிப்போர்ட்டுக்கு அனுப்பக் கூடாது.

திசுவுக்குள் இயல்பாக இருக்கும் பயோட்டின் என்பது என் ஊகம். பயோட்டின் ஒட்டிய என்சைம்கள் மைட்டோகாண்டிரியாவில் அதிகம். கல்லீரல், சிறுநீரகம், அப்புறம் ஆங்கோசைட் வகைக் கட்டிகள் எல்லாம் மைட்டோகாண்டிரியா நிரம்பியவை. ஸ்ட்ரெப்டாவிடினுக்கு அது செகண்டரியில் இருக்கும் பயோட்டினா, நோயாளியின் செல்லில் இருக்கும் பயோட்டினா என்ற வித்தியாசம் தெரியாது, இரண்டிலும் போய் உட்காரும். சூட்டில் ரிட்ரீவல் செய்யும்போது ஆண்டிஜன் வெளிப்படுவது போலவே இதுவும் வெளிப்படுகிறது.

ஆனால் என் பேச்சை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். அதே பிளாக்கிலிருந்து சில செக்‌ஷன் வெட்டி, எல்லாவற்றுக்கும் ரிட்ரீவலும் பெராக்சைடும் ஒரே மாதிரி செய்யுங்கள். முதல் ஸ்லைடுக்கு டிஏபி மட்டும். இரண்டாவதற்கு ஸ்ட்ரெப்டாவிடின், பிறகு டிஏபி. மூன்றாவதற்கு செகண்டரி, ஸ்ட்ரெப்டாவிடின், டிஏபி. நான்காவதற்கு ஐஜிஜியிலிருந்து ஆரம்பித்து எல்லாம். பழுப்பு எந்த ஸ்லைடில் முதலில் தலைகாட்டுகிறதோ, அதில் புதிதாகச் சேர்த்த பொருள்தான் காரணம். இன்னொன்று, இரண்டாவது ஸ்லைடையே ரிட்ரீவல் இல்லாமல் ஒன்று கூடுதலாகச் செய்யுங்கள்.

தோல் பிளாக்
முதல் ஸ்லைடுக்கும் முன்னால் ஒரு ஸ்லைடு வேண்டும் என்பேன்: வெறும் ஹெமடாக்சிலின் மட்டும். நான் பார்ப்பது பெரும்பாலும் தோல். மெலனோமாவில் டிஏபியே போடாமல் பழுப்பாக இருக்கும், மெலனின் நிறமும் டிஏபி நிறமும் அண்ணன் தம்பி மாதிரி. அதனால் நாங்கள் சிவப்பு குரோமோஜனுக்கு மாறிவிட்டோம். டிஏபியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால் ஹெமடாக்சிலினுக்குப் பதில் கீம்சா போட்டுப் பாருங்கள், மெலனின் பச்சையாக மாறும், டிஏபி பழுப்பாகவே நிற்கும். சிவப்பில் ஏஈசி வாங்குகிறவர்கள் மறக்க வேண்டாம், அது ஆல்கஹாலில் கரைந்துவிடும், நீர் அடிப்படையிலான மவுண்டிங்தான் வைக்க வேண்டும்.

சும்மா பார்ப்பவன்
எங்களுக்கு நேர் எதிர், எந்த ஸ்லைடிலும் நிறமே வரவில்லை, கன்ட்ரோல் உட்பட. கடைசியில் பஃபரில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க யாரோ சோடியம் அசைடு சேர்த்து வைத்திருந்தது தெரிந்தது. எச்ஆர்பியை அது முடக்கிவிடும். பிரைமரி பாட்டிலில் இருக்கும் கொஞ்சம் அசைடு கழுவும்போது போய்விடும், கழுவும் பஃபரிலேயே இருந்தால் தப்பிக்க வழியில்லை.

பழைய மைக்ரோடோம்
கேட்டது அதிகமாக நிறம் வருவதைப் பற்றி, பரவாயில்லை, உபயோகமான தகவல்.

ஆராய்ச்சி மாணவி
எனக்கும் பிரைமரி இல்லாத ஸ்லைடில் பழுப்பு வருகிறது, அப்போது என்னுடையதும் பயோட்டின்தானா? எலியின் மண்ணீரல், பிரைமரியும் எலி ஆண்டிபாடி. செல்லுக்குள் பொடியாக இல்லை, செல்களுக்கு இடையில் பரவலாகவும், பிளாஸ்மா செல்களில் கெட்டியாகவும் இருக்கிறது. அவிடின்-பயோட்டின் பிளாக் வாங்கிப் போட்டேன், ஒரு மாற்றமும் இல்லை.

பழைய மைக்ரோடோம்
இல்லைம்மா, உங்களுடையது வேறு. எலியின் ஐஜிஜியைத் தேடிப் பிடிக்கும் செகண்டரியை எலியின் திசு மீதே ஊற்றுகிறீர்கள். அந்தத் திசு முழுக்க எலியின் சொந்த ஐஜிஜி இருக்கிறது, பிளாஸ்மா செல்தான் அதைத் தயாரிக்கும் இடம். மேலே சொன்ன வரிசையைச் செய்தால் உங்களுக்கு இரண்டாவது ஸ்லைடு சுத்தமாக இருக்கும், மூன்றாவதில் பழுப்பு வரும். முயல் பிரைமரி கிடைக்கும் என்றால் அதற்கு மாறுவதே நிம்மதி. இல்லாவிட்டால் எலித் திசுவில் எலி ஆண்டிபாடி போடுவதற்கென்றே விற்கும் கிட்.

நீலக்கரு
செய்தாகிவிட்டது. தோல் பிளாக் சொன்ன வெறும் ஹெமடாக்சிலின் ஸ்லைடு சுத்தம். டிஏபி மட்டும் போட்டதும் சுத்தம். ஸ்ட்ரெப்டாவிடின் சேர்ந்த இரண்டாவது ஸ்லைடில் கட்டி முழுக்கப் பழுப்பு! மூன்றும் நான்கும் இரண்டாவதைப் போலவே, அதைவிடக் கூடவில்லை. ரிட்ரீவல் செய்யாத ஸ்லைடில் மிக மிக மெலிதாகத்தான் இருக்கிறது. பயோட்டின்தான், சந்தேகமே இல்லை.

வேகமான கை
சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவிடின் பிளாக் போட்டால் போதும்தானே, பாலிமர் கிட்டுக்கே திரும்ப வேண்டியதில்லையே? நாங்கள் ஒரு தடவை அவிடின் மட்டும் 15 நிமிடம் போட்டோம், முன்பைவிட அடர்த்தியாக வந்தது, அதுதான் புரியவே இல்லை.

பழைய மைக்ரோடோம்
அவிடினுக்கு பயோட்டின் பிடிக்கும் இடம் நான்கு. திசுவில் இருக்கும் பயோட்டினோடு ஓர் இடம் சேர்ந்தாலும் மற்ற இடங்கள் காலியாக நிற்கும். அடுத்து நீங்கள் ஊற்றும் செகண்டரியிலும் பயோட்டின் இருக்கிறது, அது அந்தக் காலி இடங்களில் போய் உட்கார்ந்துவிடும். அதனால்தான் அவிடினுக்குப் பிறகு கழுவிவிட்டு வெறும் பயோட்டின் கரைசல் 15 நிமிடம் வைத்து அந்த இடங்களை அடைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் ஒரு பிளாக். பிளாக்கை ரிட்ரீவலுக்குப் பிறகு வைக்க வேண்டும், முன்னால் வைத்தால் சூட்டில் வெளிப்படப் போகும் பயோட்டின் அடைபடாது.

தோல் பிளாக்
காசு இல்லாத லேபில் நீர்த்த முட்டை வெள்ளைக்கருவையும், அதற்குப் பிறகு கொழுப்பு நீக்கிய பாலையும் வைப்பார்கள். வெள்ளைக்கருவில் அவிடின், பாலில் பயோட்டின். வேலை செய்யும், நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது, ரிப்போர்ட் போகும் ஸ்லைடுக்கு எனக்கு மனசு வராது.

நீலக்கரு
அவிடின், பயோட்டின் இரண்டையும் வைத்துப் பார்த்தேன், கிட் பிளாக்தான். கல்லீரல் கன்ட்ரோல் முழுக்க வெளுத்துவிட்டது, பித்தநாளம் மட்டும் அழகாக நிற்கிறது. கட்டியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பிறகு வேறொரு லேபிலிருந்து பாலிமர் கிட் கொஞ்சம் வாங்கித் திரும்பப் போட்டோம். அதில் பயோட்டினே இல்லாததால் நெகட்டிவ் ஸ்லைடு பளிச்சென்று நீலம். சிடி117 செல் சவ்வில் வந்தது. சிகே7 அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்களில் மட்டும். ஆங்கோசைட்டோமாவுக்குப் பொருந்துகிறது என்றார் பார்த்த டாக்டர். பழைய சிகே7 ஸ்லைடை நம்பியிருந்தால் பரவலாக பாசிட்டிவ் என்று குரோமோஃபோப் பக்கம் சாய்ந்திருக்கும்.

வேகமான கை
பாலிமர் வந்த பிறகு நாங்கள் நெகட்டிவ் ஸ்லைடு வைப்பதையே நிறுத்திவிட்டோம். ஊசி பயாப்சியில் திசுவே நூல் அளவுதான், அதில் நெகட்டிவுக்கென்று வெட்டினால் மார்க்கருக்கு மிஞ்சாது.

பழைய மைக்ரோடோம்
ஒரே பேனலில் பல ஆண்டிபாடி ஒரே ரிட்ரீவலில் ஓடினால், ஒன்றுக்கொன்று நெகட்டிவாகப் பார்க்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் நிறமி உள்ள திசு, அழுகிய பகுதி அதிகமுள்ள கட்டி, ஒரே ஒரு மார்க்கர் கேட்கும் கேஸ், இவற்றில் விடமாட்டேன்.

வேகமான கை
அப்போது நூல் பயாப்சியில் ஒரே மார்க்கர் கேட்டால்?

பழைய மைக்ரோடோம்
அதில் எனக்கும் எங்கள் டாக்டருக்கும் இன்னும் சண்டைதான். பயாப்சி வந்த அன்றே கூடுதலாகச் செக்‌ஷன் வெட்டி வைக்கச் சொல்கிறார். வெட்டி வைத்த ஸ்லைடு மாதக் கணக்கில் கிடந்தால் சில ஆண்டிஜன்கள் மங்கிவிடும் என்பது என் கவலை.

ஆராய்ச்சி மாணவி
சார், முயல் பிரைமரி ஆர்டர் போட்டிருக்கிறேன். அதற்கும் நெகட்டிவில் முயல் ஐஜிஜிதான் போட வேண்டுமா, வெறும் பஃபர் போதுமா?

பழைய மைக்ரோடோம்
முயல் ஐஜிஜி, பிரைமரியின் அதே அடர்த்தியில். பஃபர் மட்டும் போட்டால் செகண்டரியிலிருந்து தொடங்கும் கோளாறுதான் தெரியும், ஆண்டிபாடி சும்மா ஒட்டிக்கொள்வது தெரியாது.