சண்டையைப் பார்த்த பிள்ளைகிட்ட பேசணுமா, விட்டுடணுமா?

செம்பனைக்காரி (சுங்கை சிப்புட்): நேத்து ராத்திரி கூட்டுப் பணத்தால எனக்கும் வீட்டுக்காரருக்கும் பெரிய சண்டை. ஆறு வயசுப் பையன் நின்னு பார்த்துட்டான். அவன் தூங்கின பிறகு சமாதானமாயிட்டோம். காலையிலிருந்து "அப்பா வீட்டுக்கு வருவார்தானே?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். பேசணுமா, தானா மறந்துடுவானா?

லயத்துப் பெரியவர்: விடுங்கம்மா. எங்க தோட்டத்து லயத்துல ஒரு வீட்டுச் சண்டை வரிசைக்கே கேட்கும். எங்களை உட்கார வச்சு யார் விளக்கம் சொன்னா? பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டா மரியாதை போயிடும்.

பாலர்பள்ளி டீச்சர்: ஐயா, மறுநாள் விடியல்ல அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து பால்வெட்டப் போனதையும் நீங்க பார்த்திருப்பீங்களே. இந்தப் பையன் சண்டையை மட்டும்தான் பார்த்தான். மார்க் கம்மிங்ஸ்னு ஒரு அமெரிக்க உளவியல் ஆய்வாளர் இதைச் சோதிச்சார். சண்டை தீர்ந்ததைப் பார்த்த பிள்ளைங்களுக்குக் கலக்கம் குறைஞ்சது. கண்ணால பார்க்காட்டியும், தீர்ந்துடுச்சுன்னு சொன்னாலே ஓரளவு குறைஞ்சது.

அதனால, தங்கச்சி, இன்னிக்கே சொல்லுங்க. "நேத்து காசு விஷயமா கத்திட்டோம். நீ பயந்திருப்ப. அது உன்னால வந்த சண்டை இல்ல. ராத்திரியே பேசி முடிச்சிட்டோம்." இது போதும், மிச்சத்தை அவன் கேட்கட்டும். 'உன்னால இல்ல'ங்கறதை மட்டும் விட்டுடாதீங்க. இந்த வயசுல, தான் செஞ்ச சேட்டையாலதான் சண்டைன்னு நினைச்சுக்குவாங்க. "அப்பா செஞ்சது தப்புதானே?"ன்னு அவனை நீதிபதியாக்கவும் வேணாம். இனிமே சண்டையே போட மாட்டோம்னு வாக்கும் வேணாம், அது அடுத்த மாசமே உடையும்.

கதவடைச்சான்: இவ்வளவு எதுக்கு? அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு சண்டை போடுங்க. நாங்க வாட்ஸ்அப்லதான் போட்டுக்குறோம்!

பாலர்பள்ளி டீச்சர்: கத்தலைக் குறைக்கிறது நல்லதுதான். ஆனா அதுக்கப்புறம் ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டா, ஒரு சத்தமும் கேட்காத பிள்ளைக்கும் தெரிஞ்சிடும். போலிச் சிரிப்பையும் கண்டுபிடிச்சிடுவாங்க. வகுப்புல எத்தனை பேரைப் பார்க்குறேன்!

ஊமைக்குயில்: என் வீட்டுக்காரர் குடிச்சா அடிப்பார். காலையில பிள்ளைங்களுக்கு ரொட்டி சானாய் வாங்கிட்டு வருவார். நானும் இதே மாதிரி சொல்லலாமா?

பாலர்பள்ளி டீச்சர்: இல்லம்மா. 'முடிஞ்சிடுச்சு'ன்னு சொல்ல உங்க வீட்டுல எதுவும் முடியலையே. முதல்ல நீங்களும் பிள்ளைங்களும் பத்திரமா இருக்கணும். தாலியான் காசேங்கற அரசாங்க உதவி எண் 15999, எந்த நேரமும் கூப்பிடலாம். 1994 குடும்ப வன்முறைச் சட்டத்துல பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம்.

செம்பனைக்காரி: வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "நீயே சொல்லிக்கோ, நான் உட்கார மாட்டேன்"ங்குறார்.

லயத்துப் பெரியவர்: ஆம்பளைக்குக் கூச்சமா இருக்கும். பக்கத்துல உட்காரட்டும், மன்னிப்பெல்லாம் வேணாம்.

பாலர்பள்ளி டீச்சர்: இன்னிக்கு உட்கார்ந்தாலே போதும். ஆனா மன்னிப்பு வேணாங்கறதை நான் ஒத்துக்கல, ஐயா. கத்துனதுக்கு "தப்பு"ன்னு அப்பா வாயால ஒரு வார்த்தை வரணும்.

லயத்துப் பெரியவர்: நீங்க சொல்லுங்க டீச்சர், எங்க தலைமுறைக்கு அது வராது.