லொகின் லிங்க் அனுப்பினா "ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது" எண்டு வருது. அவசரம்!

உப்புவெளி_வரவேற்பறை
ரூம் புக்கிங் தளத்துக்குள்ள போகேலாமக் கிடக்கு. பாஸ்வேர்ட் இல்ல, ஈமெயிலுக்கு வாற லிங்க்காலதான் உள்ள போறது. லிங்க்கை அமத்தினா ஏற்கனவே பயன்படுத்தப்பட்டது எண்டு வருது. ஒருத்தரும் பயன்படுத்தேல்ல. மூண்டு தரம் புதுசா எடுத்தும் இதுதான். பின்னேரம் ஆக்கள் வருகினம், தெரிஞ்சாக்கள் கெதியா சொல்லுங்கோ.

மூதூர்_தம்பி
நேரம் முடிஞ்சிருக்கும். உந்த லிங்க் 15 நிமிசம்தான் நிக்கும். கொம்பியூட்டர் மணிக்கூட்டைச் சரியாக்கிப் பாருங்கோ.

கோணேசர்_வீதி
மணிக்கூட்டுக்கும் இதுக்கும் தொடர்பில்ல தம்பி. நேரத்தைக் கணக்கு வைக்கிறது தளத்தின்ர சேர்வர். நேரம் போயிருந்தா "காலாவதி" எண்டு வேற சொல்லு வாறதுதான் வழமை.
கேட்டவர், லிங்க் ஆற்ற ஈமெயிலுக்கு வருது? எந்த வழியால உங்களிட்ட வந்து சேருது?

சீனக்குடா
எனக்கும் பாங்க் ஓடிபி ரெண்டு நாளா வரேல்ல. சிம் பிரச்சினையோ?

பழைய_உறுப்பினர்
கேள்வி கேக்கிற முறையே தெரியாமல் வாறியள். எந்தப் போன், எந்தப் பிரவுசர் எண்டு போடாமல் என்னத்தைச் சொல்லுறது? இதுகளை எத்தினையோ தரம் எழுதியாச்சு. பாஸ்வேர்ட் வைச்ச தளத்துக்கு மாறுங்கோ.

உப்புவெளி_வரவேற்பறை
மன்னிக்கோணும். ஈமெயில் முதலாளியின்ர, அவர் கொழும்பில. நான் இஞ்ச கொம்பியூட்டரில அவற்ற முகவரியை அடிப்பன். அவருக்கு லிங்க் வரும், வட்ஸ்அப்பில எனக்குப் போடுவார். ரெண்டு நிமிசமும் ஆகாது.

கோணேசர்_வீதி
அதுதான் காரணம் போல. வட்ஸ்அப்பில லிங்க்கை ஒட்டினவுடன எழுதுற பெட்டிக்கு மேல தளத்தின்ர தலைப்பும் படமும் முன்னோட்டமா வரும். அதைக் காட்டுறதுக்கு முதலாளியின்ர போனே அந்த லிங்க்குக்குப் போய்ப் பக்கத்தை எடுக்குது. சேர்வருக்குப் போய்ப் பாத்தது மனுசனோ போனோ எண்டு தெரியாது. லிங்க்கில இருக்கிற நீளமான குறியீட்டை "பாவிச்சாச்சு" எண்டு அடிச்சுப் போடும். முன்னோட்டம் எடுத்தது லொகினை வைச்சிருக்காது, அதால ஒருத்தரும் உள்ள போகவுமில்ல.
சோதிக்கிறதெண்டா இப்பிடிச் செய்யச் சொல்லுங்கோ. புது லிங்க் ஒண்டை முதலாளி தன்ர போனிலயே நேர திறக்கட்டும். அது வேலை செய்தா, இன்னொண்டு எடுத்து வட்ஸ்அப் பெட்டியில ஒட்டி, படம் வரும் வரை நிண்டு, அனுப்பாமல் அதே லிங்க்கைத் திறக்கட்டும். ரெண்டாவது பிழைச்சா சந்தேகமே இல்ல.

மூதூர்_தம்பி
அப்ப முன்னோட்டத்தை நிப்பாட்டினா சரிதானே? வட்ஸ்அப் பிரைவசி பகுதியில இருக்கு.

கோணேசர்_வீதி
லிங்க் வேலை செய்யும். ஆனா அனுப்பிற பழக்கம்தான் பெரிய ஆபத்து. அந்த லிங்க் ஆளைக் கேக்காது. ஆர் முதல்ல திறக்கினமோ அவையின்ர பிரவுசருக்குள்ள முதலாளியாப் போகும். 15 நிமிசம் லிங்க்குக்குத்தான், திறந்த லொகினுக்கு இல்ல. தளத்தைப் பொறுத்து அது கிழமைக்கணக்கா நிக்கலாம். வேலையை விட்டுப் போனவரின்ர போனிலயும் நிக்கும்.
நீங்கள் செய்யிற ஒழுங்கை ஒருக்காப் பாருங்கோ: ஒருத்தர் முகவரியை அடிக்கிறார், மற்றவருக்கு லிங்க் வருது, அவர் அனுப்பி வைக்கிறார். ஏமாத்துறவனும் இதையேதான் செய்வான். "தளத்திலயிருந்து கதைக்கிறன், இப்ப வந்த மெயிலை எனக்கு அனுப்புங்கோ" எண்டா, பழகின முதலாளி யோசிக்காமல் அனுப்பிப் போடுவார். அந்த மெயில் உண்மையான தளத்திலயிருந்து வந்ததால போலி எண்டு சந்தேகிக்கவும் ஒண்டுமில்ல.

பழைய_உறுப்பினர்
அதாலதான் பாஸ்வேர்ட் எண்டு சொன்னன். மெயில் லிங்க் சோம்பேறிகளுக்கு.

நிலாவெளி_இணையம்
பாஸ்வேர்ட் மறந்தா மாத்துற லிங்க்கும் அதே மெயிலுக்குத்தானே வருது? மெயில் போனா ரெண்டும் போச்சு. மெயிலுக்கு, பாஸ்வேர்ட்டோட இன்னொரு குறியீடும் கேக்கிற இரட்டைப் பூட்டு போடுறதுதான் முதல் வேலை.

பழைய_உறுப்பினர்
பாஸ்வேர்ட்டை ஒருத்தரும் தவறுதலா குறூப்பில போடுறதில்ல.

நிலாவெளி_இணையம்
விடுதிகளில மேசையில ஒட்டி வைச்சிருக்கினம்! அதைவிட, பிழை தளத்திலயும் இருக்கு. லிங்க்கைத் திறந்தவுடன குறியீட்டைச் செலவழிக்காமல், "உள்ளே போ" எண்டொரு பொத்தானைக் காட்டி, அதை அமத்தினாப் பிறகு செலவழிச்சா முன்னோட்டத்தால கெடாது. லிங்க் கேட்ட அதே பிரவுசரிலதான் திறக்கலாம் எண்டு கட்டின தளங்களும் இருக்கு.

கோணேசர்_வீதி
அப்பிடிக் கட்டினாலும் இவையின்ர ஒழுங்குக்குப் பாதுகாப்பில்ல. கேக்கிறதும் திறக்கிறதும் ஒரே கொம்பியூட்டர். ஏமாத்துறவனுக்கும் அப்பிடித்தான்.
கேட்டவர், முதலாளியின்ர கணக்கில "பயனர்கள்" எண்ட இடத்தில உங்கட ஈமெயிலை ஊழியராச் சேர்க்கச் சொல்லுங்கோ. உங்கட லிங்க் உங்களுக்கே வரும், விலகினா உங்களை மட்டும் எடுக்கலாம். பிறகு "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" ஒருக்கா அமத்தட்டும்.

உப்புவெளி_வரவேற்பறை
ரெண்டாவது சோதனை பிழைச்சுது, படம் வந்தவுடன லிங்க் செத்துப் போச்சு. என்ர மெயிலைச் சேத்தாச்சு, உள்ள வந்திட்டன். நன்றி. ஆனா போன கிழமை மெயிலாலயே ஃபோர்வேர்ட் பண்ணினதும் ஒருக்கா வேலை செய்து ஒருக்காப் பிழைச்சது, அது ஏன்?

கோணேசர்_வீதி
சில மெயில் சேவைகள் வைரஸ் பாக்கிறதுக்கு லிங்க்குகளைத் தாங்களே திறந்து பாக்கும். உங்கட மெயில் எந்தச் சேவை? பிழைச்ச நாள் என்ன சொல்லு வந்தது?

சீனக்குடா
என்ர ஓடிபிக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லையே.